பெஞ்ச் பிரஸ்: தோள் வலிக்கிறவருக்கு வைட் கிரிப்பா, குளோஸ் கிரிப்பா, நடுவிலா?

மன்னார்குடியில் நான் போகிற ஜிம்மில் நாலு மாதமாகப் பழகுகிற தம்பி ஒருவர் இருக்கிறார். வயது 22. பெஞ்சில் 40 கிலோ போடுகிறார். ஒருநாள் செட் முடிந்து எழுந்தவர் வலது தோளின் முன்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே, “மூட்டை தூக்கினதுல புடிச்சிருக்கும்ணே” என்றார். குறுவை அறுவடையில் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் ஏற்றப் போவார். ஆனால் அறுவடை முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, வலி குறையவில்லை. பெஞ்ச் போட்ட மறுநாள்தான் கூடுகிறது. அப்புறம் மூட்டையைக் குறை சொல்லி என்ன பயன்?

பக்கத்துத் தையல் கடையில் இன்ச் டேப் வாங்கி வந்தோம். தோளின் உச்சியில் தட்டுப்படும் எலும்பு நுனியில் இருந்து மறுபக்க நுனி வரை அளந்தால் 16 அங்குலம். அவர் ஆள்காட்டி விரலை வைப்பது பாரில் உள்ள ரிங்கின் மேல். எங்கள் பாரில் ரிங்குக்கு ரிங் 32 அங்குலம். (ஊர்ப் பட்டறையில் செய்த பார்களில் ரிங் எங்கே வேண்டுமானாலும் இருக்கும், சிலதில் இருக்கவே இருக்காது. அளந்து பார்த்துவிடுங்கள்.) அதாவது தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. பவர்லிஃப்டிங் போட்டியில் அனுமதிக்கும் அதிகபட்ச அகலமே 81 செ.மீ.தான், ஏறக்குறைய அதே 32 அங்குலம். பழக வந்த பையன் முதல் நாளிலேயே போட்டி வீரனின் கடைசி எல்லையில் கை வைத்திருக்கிறார்.

அந்த அகலத்தில் வீரர்கள் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. கை அகல அகல, பார் இறங்கி ஏறும் தூரம் குறையும். கொஞ்சம் கூடுதல் எடை போகும். அவர்கள் முதுகை வளைத்து, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இறுக்கிப் பூட்டிக்கொள்கிறார்கள். தசைநாண்களும் பல வருடம் பழகியவை. பழகுநருக்கு இது எதுவும் இல்லை. கை 32-இல் இருந்தால் முழங்கை உடம்புக்கு ஏறத்தாழ 80, 90 டிகிரியில் சிலுவைபோல விரிகிறது. பார் நெஞ்சைத் தொடும்போது மேற்கை எலும்பின் தலை முன்பக்கமாகத் தள்ளி, அங்குள்ள சவ்வை இழுக்கிறது. மேலே தோள் எலும்புக்கு அடியில் ஓடும் நாண்களுக்கும் இடம் சுருங்குகிறது. நெம்பு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. 32 அங்குலப் பிடியில் ஒவ்வொரு கையும் தோளைத் தாண்டி 8 அங்குலம் வெளியே நிற்கிறது, 24-இல் 4 அங்குலம்தான். குடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். தோள் நோகிற பழகுநருக்கு வைட் கிரிப் தேவையே இல்லை என்பது என் கட்சி.

சரி, அப்படியானால் ஒரேயடியாகக் குளோஸ் கிரிப்புக்குப் போய்விடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். தோள் அகலத்துக்கே, அதாவது 16 அங்குலத்தில் பிடித்தால் முழங்கை விலாவோடு ஒட்டி 20, 30 டிகிரியில் நிற்கும். முன்சொன்ன நெருக்கம் குறைவது உண்மை. ஆனால் பார் இறங்க வேண்டிய தூரம் கூடுகிறது. கீழே போகப் போக முழங்கை உடம்பைத் தாண்டிப் பின்னால் இறங்கும். அப்போது தோளின் முன்பக்கம் வேறொரு வழியில் இழுபடும். மணிக்கட்டு மடிந்து நோகிறவர்களும் உண்டு. தோள் உச்சியில், கழுத்துப்பட்டை எலும்பு முடிகிற இடத்தில் வலி என்று ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுகிறவர்களுக்குக் குளோஸ் கிரிப் உதவலாம். ஆனால் அவர்கள் நெஞ்சு வரை இறக்காமல் நாலைந்து செ.மீ. மேலேயே நிறுத்த வேண்டும். துண்டைச் சுருட்டி நெஞ்சில் வைத்துக்கொண்டால் தானாக நிற்கும்.

இந்தத் தம்பிக்கு வலி உச்சியில் இல்லை, முன்பக்கம். அதனால் தோள் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு, 24 அங்குலம் என்று முடிவு செய்தோம். ரிங்கில் இருந்து ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் உள்ளே. பாரில் துணி டேப் ஒட்டி அடையாளம் வைத்தோம்.

ஒரு வாரம் கழித்து வந்து, “அப்படியேதாண்ணே இருக்கு” என்றார்.

கால் பக்கம் நின்று போனில் வீடியோ எடுத்துப் பார்த்தோம். பார் கீழே இருக்கும்போது முன்கை இரண்டும் செங்குத்தாக நிற்க வேண்டும். அவருக்கோ முழங்கை வெளியே, கை உள்ளே என்று சாய்ந்திருந்தது. கையைத்தான் குறுக்கினாரே தவிர, பாரை இறக்குகிற இடம் பழையபடி கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழேயே இருந்தது. அங்கே இறக்கினால் எந்த கிரிப்பிலும் முழங்கை விரியத்தான் செய்யும். கிரிப்பும் முழங்கைக் கோணமும் தனித்தனி முடிவு இல்லை. பார் எங்கே தொடுகிறது என்பதுதான் இரண்டையும் கட்டுகிறது. “முழங்கையை ஒடுக்கு, ஒடுக்கு” என்று கத்தினால் பையன்கள் விலாவோடு ஒட்டிக்கொள்வார்கள். அதைவிட, தொடும் இடத்தை மார்புக் காம்பு வரிசைக்கோ அதற்கு ஒரு விரல் கீழேயோ மாற்றினால் முழங்கை தானே 45-இல் இருந்து 60 டிகிரிக்குள் வந்து நிற்கும். தூக்கும்போது நேர்மேலே இல்லாமல் சற்றே தலைப்பக்கம் சாய்வாகப் போய், தோளுக்கு மேலே முடிய வேண்டும்.

பாரின் நடுவில் சாக்பீஸ் தேய்த்துவிட்டோம். அவர் போட்டிருந்தது கறுப்பு பனியன். செட் முடிந்து எழுந்தால் எங்கே தொட்டது என்று வெள்ளைக் கோடு சொல்லிவிடும்.

அன்றே 30 கிலோவில் ஒவ்வொரு பிடிக்கும் ஒரு செட் பார்த்தோம், வலிக்கு 10-க்கு மதிப்பெண். உடம்பு சூடேறி வலி மறைந்து வைட் கிரிப்புக்குச் சாதகமாகிவிடக் கூடாது என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் நோகிற பிடியை முதலில் போட்டால் மற்றதெல்லாம் நோகும். அதனால் அதைக் கடைசியில் வைத்தோம். 24 அங்குலம், புதிய இடம்: 1. குளோஸ் கிரிப்: 2, கூடவே மணிக்கட்டு நோவு. 24 அங்குலம், பழைய இடம்: 3. வைட்: 4. மூன்றாவதையும் நாலாவதையும் பாருங்கள், கையை மட்டும் குறுக்கியதில் கிடைத்தது ஒரே ஒரு மதிப்பெண்.

அதன் பிறகு வாரம் இரண்டு நாள், மூன்று செட், எட்டு ரெப். இரண்டு மூன்று வினாடி எடுத்து மெல்ல இறக்க வேண்டும். செட்டின்போது வலி 3-க்கு மேல் போகாமல், மறுநாள் காலை கூடாமல் இருந்தால் அடுத்த வாரம் 2.5 கிலோ ஏற்றலாம். கூடினால் அதே எடை. ராத்திரி தூங்கவிடாத வலி, கை தலைக்கு மேலே எழாதது, விரல் வரை மரத்துப்போவது, ‘டப்’ என்று சத்தம் கேட்ட பிறகு வந்த வலி என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஐந்தாவது வாரம் 40 கிலோவுக்குத் திரும்பினார். கடைசி செட்டில் ஆறாவது ரெப்புக்கு மேல் கொஞ்சம் தடுமாறினார். எழுந்ததும் பனியனைப் பார்த்தோம். காம்பு வரிசையில் தடித்து ஒரு கோடு, அதற்கு நாலு விரல் மேலே மெல்லிசாக இன்னொன்று. களைத்ததும் பார் பழைய இடத்துக்கு ஏறியிருக்கிறது. மறுவாரம் அதே 40, ஆனால் ஆறு ரெப்போடு நிறுத்தம்.