நட்சத்திரத்தின் முகமா, காரணத்தின் பலமா?

ரிச்சர்ட் பெட்டி, ஜான் கசியோப்போ, டேவிட் ஷூமன் ஆகிய மூவரும் 1983-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ‘எட்ஜ்’ என்ற பெயரில் கற்பனையாக ஒரு ரேஸரை உருவாக்கி, அதற்கு விளம்பரம் தயாரித்து, வேறு பல விளம்பரங்களுடன் சேர்த்துத் தொகுப்பாகக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிலர் பார்த்த விளம்பரத்தில் புகழ்பெற்ற விளையாட்டு வீரர்கள் இருந்தார்கள். மற்றவர்கள் பார்த்ததில், யாருக்கும் தெரியாத சாதாரண ஊர்க்காரர்கள். வாசகங்களும் இரண்டு வகை. ஒன்றில், நேரடிச் சோதனையில் போட்டிப் பிளேடைவிட இரண்டு மடங்கு அதிக முறை நெருக்கமாகச் சவரம் செய்தது என்பது போன்ற உருப்படியான காரணங்கள். மற்றதில், குளியலறையை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது, தண்ணீரில் மிதக்கும் என்பது போன்ற வெற்றுப் பேச்சு.

ஆய்வின் சூட்சுமம், விளம்பரத்தைப் பார்க்கும் முன் அவர்களிடம் சொன்னதில் இருந்தது. ஒரு பிரிவினரிடம், இந்த ரேஸர் விரைவில் உங்கள் பகுதியில் விற்பனைக்கு வரும், பரிசாக ஒரு ரேஸரையும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். மற்றவர்களிடம், இது தொலைவில் உள்ள ஊர்களில்தான் கிடைக்கும், உங்களுக்குப் பரிசு பற்பசை என்றார்கள். ரேஸர் தம் கைக்கு வரப்போகிறது என்று நினைத்தவர்கள் வாசகத்தை எடைபோட்டார்கள்; படத்தில் இருந்தது வீரரா, ஊர்க்காரரா என்பது அவர்களுடைய மதிப்பீட்டை அசைக்கவில்லை. அக்கறை இல்லாதவர்களுக்கோ வீரரின் முகமே ரேஸரை நல்லதாக்கிக் காட்டியது.

எலாபரேஷன் லைக்லிஹுட் மாடல் என்று உளவியலில் சொல்லப்படும் கோட்பாட்டின் சாரம் இதுதான். ஒரு செய்தியை ஆழ்ந்து சிந்திக்க ஒருவருக்கு விருப்பமும் இருந்து, அதற்கான நேரமும் அறிவும் அமைந்தால், அவர் காரணங்களைச் சீர்தூக்கி மனம் மாறுகிறார். இது மைய வழி. இவற்றில் ஒன்று குறைந்தாலும், பேசுபவரின் புகழ், இனிய இசை, காரணங்களின் எண்ணிக்கை போன்ற மேலோட்டமான குறிப்புகளின் பின்னால் போக வாய்ப்பு அதிகம். இது புற வழி. நடைமுறையில் இவை தனித்தனிச் சாலைகள் அல்ல, ஒரே கோட்டின் இரு முனைகள். பெரும்பாலோர் இடையில் எங்கோ நிற்கிறார்கள்.

விளம்பரமோ சுகாதாரச் செய்தியோ தயாரிப்பவர் இந்த இரண்டில் எதற்குப் பணம் செலவழிக்க வேண்டும்?

புற வழியின் பலம் வேகம். சிந்திக்கத் தயாராக இல்லாத கூட்டத்தை அது தொடுகிறது. நாள் முழுவதும் கண்ணில் படும் பெரும்பாலான செய்திகளுக்கு யாரும் நின்று யோசிப்பதில்லை என்பதால், இதை இழிவாக எண்ணவும் காரணமில்லை. ஆனால் அந்த மாற்றம் சீக்கிரம் மங்குகிறது, எதிர்வாதம் ஒன்று வந்தால் சரிந்துவிடுகிறது, செயலாகவும் குறைவாகவே மாறுகிறது. ரேஸர் ஆய்விலேயே இதற்குத் தடயம் உண்டு. பிரபல வீரர்கள் விருப்பத்தைக் கூட்டினார்கள். வாங்கும் எண்ணத்தைக் கூட்டவில்லை. அதை நகர்த்தியது வாசகத்தின் தரம். விளம்பரத்துக்கு நட்சத்திரத்தை ஒப்பந்தம் செய்பவர்கள் இந்த ஒரு முடிவை மட்டுமாவது படிக்கலாம்.

சோப்பு விற்பவருக்கு இது பெரிய இழப்பு இல்லை. கடை அலமாரிக்கு முன் நிற்கும் அந்தச் சில நொடிகளில் பெயர் நினைவுக்கு வந்தால் போதும், மங்கியதை அடுத்த வாரம் மீண்டும் ஒளிபரப்பிச் சரிசெய்யலாம். பொதுச் சுகாதாரத்தின் கணக்கு வேறு. எல்விஸ் பிரெஸ்லி 1956 அக்டோபரில் நியூயார்க்கில் கேமராக்களுக்கு முன் சட்டைக் கையை மடித்துவிட்டு போலியோ ஊசி போட்டுக்கொண்டார். ஊசியைத் தள்ளிப்போட்ட இளைஞர்களைக் கிளப்ப இது கச்சிதமான புற வழிச் செய்தி. ஆனால் அவர் போட்டுக்கொண்ட அந்தச் சால்க் தடுப்பூசி மூன்று தவணை கொண்டது. முதல் ஊசிக்கு ஒரு முகம் ஆளை வரிசையில் நிறுத்தலாம். மாதங்கள் கழித்து அதே ஆள் மூன்றாவது ஊசிக்கு வர வேண்டுமானால், ஒன்று போதாது என்பதற்கான காரணம் அவர் மனத்தில் இருக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை, புகைப்பழக்கத்தை விடுவது போன்ற, தினமும் புதிதாக எடுக்க வேண்டிய முடிவுகளில் இது இன்னும் கடுமை. நட்சத்திரத்தின் புன்னகை நள்ளிரவில் சிகரெட்டைத் தேடும் கையைத் தடுக்காது.

அப்படியானால் எங்கும் காரணங்களை அடுக்கிவிடலாமே என்றால், மைய வழிக்குத் தனி ஆபத்து இருக்கிறது. கூர்ந்து படிப்பவர் ஓட்டையையும் கூர்ந்து பார்ப்பார். பெட்டியும் வெல்ஸும் பிராக்கும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், செய்தியைக் கேட்கும்போது கவனத்தைக் கலைத்தால், பலவீனமான வாதம் கூடுதலாக எடுபட்டது, பலமான வாதத்தின் பலன் குறைந்தது. சுருங்கச் சொன்னால், சொத்தைக் காரணத்துக்குக் கவனமே எதிரி. ‘புகைத்தால் உடல் கெடும்’ என்று மட்டும் சொல்லும் துண்டறிக்கையை அக்கறையுடன் படிக்கும் புகைப்பவர், ‘என் தாத்தா தொண்ணூறு வயது வரை புகைத்தாரே’ என்று மறுப்பைத் தயாரித்துக்கொள்வார். அவர் சிந்திக்கவில்லை என்று சொல்ல முடியாது. தன் பழக்கத்துக்குச் சாதகமாகச் சாய்ந்து சிந்திக்கிறார். விட்ட ஓர் ஆண்டில் இதய நோய்க்கான கூடுதல் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்ற தகவலைத் தாத்தாவை வைத்து அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அதில் அவருக்கு ஒரு லாபமும் தெரிகிறது.

இந்த ஒப்பீட்டில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முகம் என்றால் புற வழி, தகவல் என்றால் மைய வழி என்று பிரித்துவிடுகிறார்கள். வழியைத் தீர்மானிப்பது பார்ப்பவர் எவ்வளவு சிந்திக்கிறார் என்பதே. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் தொடங்கிய புகை எதிர்ப்புப் பிரச்சாரத்தில், புற்றுநோயால் குரல்வளையை இழந்த ஒரு பெண் தான் காலையில் கிளம்பும் விதத்தைக் காட்டுகிறார்: முதலில் பல் செட், பிறகு விக், கழுத்துத் துளையை மறைக்க ஸ்கார்ஃப். டிவியை அரைக்கண்ணால் பார்ப்பவருக்கு இது வெறும் அதிர்ச்சிக் காட்சி. விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் புகைப்பவருக்கு அதே முகமும் அதே குரலும் ஆதாரம். அலட்சியமாக இருப்பவரைத் திரும்பிப் பார்க்க வைத்துச் சிந்தனையைத் தொடக்கிவைக்கவும் செய்யலாம். ஷாம்பு விளம்பரத்தில் பளபளக்கும் கூந்தலும் இப்படித்தான், பொருள் வேலை செய்கிறது என்பதற்கான வாதமாகிவிடுகிறது.

ஒரே முகம் மேலோட்டமான குறிப்பாகவும், வாதமாகவும், சிந்தனையைத் தூண்டுவதாகவும் மூன்று வேலை செய்யலாம் என்றால் இந்தக் கோட்பாடு எந்த முடிவையும் பிறகு விளக்கிவிடுமே என்று விமர்சகர்கள் கேட்டார்கள், நியாயமாகவே. பலமான வாதம் என்பதையும் இது முன்சோதனையில்தான் கண்டுபிடிக்கிறது: சாதகமான எண்ணங்களை எழுப்பினால் பலமானது. ஏன் எழுப்புகிறது என்று அதிகம் சொல்வதில்லை. க்ருக்லான்ஸ்கியும் தாம்சனும் 1999-இல், இரண்டு வழி எதற்கு, குறிப்பும் வாதமும் ஒரே வகைச் சான்றுதான் என்று மாற்று மாதிரியையே முன்வைத்தார்கள்.

கோட்பாட்டுச் சண்டை எப்படி முடிந்தாலும், களத்தில் பயன்படும் சோதனை ஒன்று இருக்கிறது. நீங்கள் அச்சடிக்கப்போகும் சுவரொட்டியை இரண்டு விதமாகத் தயாரியுங்கள். முகம், நிறம், அளவு எல்லாம் ஒன்றே. ஒன்றில் நல்ல காரணங்கள், மற்றதில் வேண்டுமென்றே சொத்தைக் காரணங்கள். ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்களிடம் காட்டி, பார்க்கும்போது மனத்தில் ஓடியதையெல்லாம் எழுதச் சொல்லி, சாதகம் எத்தனை, பாதகம் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டுக்கும் வரவேற்பு ஒரே மாதிரி இருந்தால் யாரும் வாசகத்தைப் படிக்கவில்லை. முகத்தையும் வண்ணத்தையும் சீராக்குவதே அங்கே பலன் தரும், இல்லாவிட்டால் அக்கறையைத் தூண்ட வேறு வழி தேட வேண்டும். சொத்தை வாசகம் திட்டு வாங்கினால் அவர்கள் படிக்கிறார்கள். அடுத்த செலவை வாசகத்தின் மீதே போடலாம்.