நாமினி இல்லாத லாக்கர்: வாரிசுகள் சேர்ந்து திறப்பதா, கோர்ட்டுக்குப் போவதா?

அப்பா பெயரில் மட்டும் இருந்த லாக்கர் அது. நாமினி போடவில்லை. நாமினி இருந்திருந்தால் சுலபம்: இறப்புச் சான்றிதழ், அடையாளச் சான்று, சாட்சிகள் முன்னால் உள்ளிருக்கும் பொருட்களின் பட்டியல், அவ்வளவுதான். அப்போதுகூட நாமினி மற்ற வாரிசுகளுக்காகப் பொருளைப் பெற்றுக்கொள்பவரே தவிர, உரிமையாளர் அல்ல. நாமினி இல்லாதபோது இரண்டு வழிகள் உண்டு. வாரிசுகள் ஒன்றாக வங்கியில் மனு கொடுக்கலாம், அல்லது கோர்ட் உத்தரவு வாங்கி வரலாம். நாங்கள் முதல் வழியில் போனோம். இன்னொரு முறை வந்தாலும் அதையே செய்வேன்.

கோர்ட் என்றதும் 'சக்சஷன் சர்டிபிகேட் எடுங்கள்' என்று பலரும் சொல்வார்கள். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அது இறந்தவருக்கு வரவேண்டிய கடன்களுக்கும், பங்கு, பாண்ட் போன்ற பத்திரங்களுக்கும் தரப்படுவது. டெபாசிட் பணம் அதில் அடங்கும். லாக்கரில் கிடக்கும் நகை அடங்காது. நகைக்குப் பொருந்துவது லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கக் கோர்ட் தரும் அதிகாரம். அதற்குச் செலவும் காலமும் கூடுதல். நான் அந்தப் பக்கம் போனதில்லை, வக்கீல் சொல்லக் கேட்டதுதான்.

வங்கி வழியில் கேட்டவை: இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், எல்லோருடைய அடையாளச் சான்று, பின்னால் வங்கிக்கு நஷ்டம் வந்தால் ஈடுசெய்வோம் என்று எழுதிக்கொடுக்கும் இண்டெம்னிட்டி பாண்ட். மனுவில் சேராத வாரிசு இருந்தால் அவருடைய ஆட்சேபணையின்மைக் கடிதம். இங்கே பலர் கோட்டைவிடுவது பாட்டியை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இறந்த ஆணின் தாயும் மனைவி மக்களோடு முதல் வகுப்பு வாரிசு. அவர் பெயர் விடுபட்டால் சான்றிதழையே திருத்த வேண்டிவரும்.

காகிதங்கள் சரியாக இருந்தால் 15 நாளுக்குள் வங்கி மனுவைப் பரிசீலித்து, பட்டியல் எடுக்கத் தேதி குறிக்க வேண்டும். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

ஆனால் எந்த வழியில் போனாலும் கடைசியில் எல்லாம் வந்து நிற்பது அந்தப் பட்டியலில்தான். குடும்பச் சண்டை லாக்கர் திறப்பதில் வருவதில்லை. 'உள்ளே இன்னொன்று இருந்ததே' என்பதில்தான் வருகிறது. ரிசர்வ் வங்கியின் படிவம் மிக எளிது: வரிசை எண், பொருளின் விவரம், வேறு அடையாளக் குறிப்புகள். சாவி கொடுத்துத் திறந்ததா, உடைத்துத் திறந்ததா என்பதும் அதில் வரும். கீழே பெற்றுக்கொள்பவர்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் பங்கில் சம்பந்தமில்லாதவர்களாக இருப்பது நல்லது.

எடை, மதிப்பு என்று படிவத்தில் தனிக் கட்டம் கிடையாது. வங்கி ஊழியர் உரசிப் பார்க்க மாட்டார். 'மஞ்சள் உலோக வளையல் – 4' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவார். அது தங்கம் என்று வங்கி உறுதி சொல்லாமலிருக்க எழுதும் வழக்கம், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த நான்கு வளையலுக்குப் பதில் வேறு நான்கு வந்தாலும் பட்டியல் பொருந்திவிடுமே! மூன்றாவது கட்டத்தை நிரப்பச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும். எங்கள் பட்டியலில் அதே வளையல்கள் 'இரண்டில் சிவப்புக் கல், ஒன்றில் கல் விழுந்த குழி, உட்புறம் கடை முத்திரை' என்று ஏறின. ஹால்மார்க் நகையானால் அதிலுள்ள ஆறு இலக்க எச்யூஐடி குறியீட்டையே எழுதலாம். கிரயப் பத்திரத்துக்கு ஆவண எண்ணும் ஆண்டும் போதும்.

ஒட்டிய உறைகள் தனிச் சிக்கல். நாமினிக்கோ உயிரோடிருக்கும் கூட்டு லாக்கர்தாரருக்கோ ஒப்படைக்கும்போது மூடிய பொட்டலங்களைப் பிரிக்க வேண்டிய கடமை வங்கிக்கு இல்லை. 'ஒட்டிய உறை – 1' என்று எழுதி முடிக்கலாம். பிறகு அதை வீட்டில் பிரித்தவர்தான் சந்தேகத்துக்கு ஆளாவார். அதனால் வாரிசுகளே எல்லோர் முன்னிலையிலும் பிரித்து, உள்ளிருப்பதைத் தனித்தனி வரியாக எழுதச் சொன்னோம். உறைக்குள் உயில் இருந்தால் அதன் தேதியையும் பட்டியலில் ஏற்றிவிட்டு, பங்கு பிரிப்பதை அங்கேயே நிறுத்த வேண்டும்.

ஒருவர் மட்டும் போய் மற்றவர்கள் கடிதம் கொடுப்பது வசதிதான், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வேறு வழியும் குறைவு. முடிந்தவரை எல்லோரும் நேரில் நின்று, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வாங்குவதையே நான் சொல்வேன்.

வாரிசு ஒருவர் கையெழுத்திட மறுத்தாலோ, உயிலைப் பற்றித் தகராறு இருந்தாலோ வங்கி வழி அங்கேயே அடைபடும். அப்போது கோர்ட்தான். வழக்கறிஞர் ஒருவரை ஆணையராகப் போட்டு, அவர் முன்னிலையில் லாக்கரைத் திறந்து பட்டியல் எடுக்கும்படி முதலிலேயே மனுவில் கேட்டுவிடலாம்.