கல்யாண மேக்கப்புக்கு ஒரு பக்க அக்ரிமெண்ட்: பல சீசனா பயன்படுத்துன அனுபவம்

கோபி, பெருந்துறை, காங்கேயம் பக்கம் பிரைடல் மேக்கப் பண்றேனுங்க. லாக்டவுனுக்கு அப்பறம் புக்கிங் எடுக்கறப்ப எல்லாத்துக்கும் ஒரு பக்க அக்ரிமெண்ட் குடுத்துட்டு வர்றேன், வருஷா வருஷம் அதுல சில வரி மாத்தி மாத்தி இப்ப ஒரு மாதிரி செட் ஆயிருக்குது. எந்த வரி நெஜமாவே வேலைக்கு ஆச்சுன்னு சொல்றேன், புதுசா தொழிலுக்கு வர்ற பொண்ணுங்களுக்கு உதவும்.

நம்மூர்ல மொதல் சிக்கலே தேதி தானுங்க. ஆடி, மார்கழில கல்யாணம் கெடையாது, புரட்டாசியும் பாதிப்பேரு தொடமாட்டாங்க, அதனால ஆவணி, தை, வைகாசின்னு எல்லாரும் அதே வளர்பிறை முகூர்த்தத்துல வந்து நிப்பாங்க. ஒரு தேதிய ஒருத்தருக்கு புடிச்சு வெச்சா இன்னும் நாலு பேருக்கு இல்லைன்னு சொல்றோம். "அம்மிணி, அந்த தேதிய எங்களுக்கே வெச்சுக்குங்க, அப்பா வந்ததும் பணம் போட்டு உடறோம்"னு போன்ல சொல்லுவாங்க, அதுக்கு நான் ரெண்டு நாள் டைம் தருவேன், அதுக்குள்ள பணம் வரலைன்னா தேதி ஓப்பன். இது அக்ரிமெண்ட்டுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்ல போயிரும். பணம் வந்தா அதுக்கு நான் அட்வான்ஸ்னு பேரு வெக்கறதில்ல, "தேதி பிளாக்கிங் தொகை, கடைசி பில்லுல கழிச்சுக்கப்படும்"னு எழுதறேன். இந்தத் தொகை எதுக்கு வாங்கறேன், அவங்க விட்டுட்டுப் போனா என்ன ஆகும்னு அதுக்குக் கீழயே எழுதிருக்கும்.

"எந்தக் காரணத்துக்கும் ரீஃபண்ட் இல்லை"ன்னு பெரிய எழுத்துல போடறவங்க நிறைய பேரு இருக்காங்க. எனக்கு அது சரியாப் படலைங்க. 1872 ஒப்பந்தச் சட்டம் 74வது பிரிவுப்படி, ஒப்பந்தத்த மீறுனா இவ்வளவுன்னு பேப்பர்ல ஒரு தொகை போட்டிருந்தாலும் கோர்ட் அதுக்கு மேல போகாம நியாயமான இழப்பீடு மட்டும் தான் குடுக்கும், அப்ப எழுதுன தொகை அப்படியே நமக்குத்தான்னு நம்பி உக்கார முடியாது. அதனால என் வரி இப்படி: அவங்க சொந்த வசதிக்காக கேன்சல் பண்ணுனா பிளாக்கிங் தொகை என்கிட்ட இருக்கும், ஆனா அதே தேதிக்கு அதே ரேட்ல வேற புக்கிங் வந்துட்டா ட்ரையல் மேக்கப் செலவ மட்டும் எடுத்துட்டு மீதிய திருப்பிக் குடுத்துருவேன். இந்த வரி போட்டதுக்கப்பறம் சண்டையே வர்றதில்லைங்க, கேன்சல் பண்றவங்களும் கடைசி நாள் வரைக்கும் மறைக்காம சீக்கிரமே சொல்லிப்போடறாங்க.

இனி முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், பங்காளி வீட்டு சாவு. நம்ம பக்கம் கல்யாணம் தள்ளிப்போறதுக்கு இத விட அதிகமா வர்ற காரணம் நான் பாக்கல. ஆனா நெட்ல கெடைக்கற அக்ரிமெண்ட் மாதிரியில மழை, வெள்ளம், கலவரம்னு இருக்கும், தீட்டு இருக்காது.

காங்கேயம் பக்கம் ஒரு வீடு. ஆவணில ஞாயித்துக்கெழமை சாயந்தரம் ரிசப்ஷன், திங்கக்கெழமை வெடிகாலை முகூர்த்தம். ரிசப்ஷனுக்கு 12,000, முகூர்த்தத்துக்கு 16,000, மொத்தம் 28,000, பிளாக்கிங் 8,000 வந்துருச்சு. பத்துப் பன்னெண்டு நாள் இருக்கையில பங்காளி வீட்டுப் பெரியவர் தவறிட்டாரு. பொண்ணோட அம்மா போன் பண்ணி, "ஏனுங் கண்ணு, இப்ப என்ன பண்றதுன்னே தெரியல, பணம் போச்சா"ன்னு அழுகறாங்க. "அம்மா, அதப்பத்தி நீங்க ரோசிக்கவே வேண்டாமுங்க, பேப்பர்ல எழுதிருக்குது, மண்டபம் புது தேதி சொன்னதும் எனக்கு ஒரு மெசேஜ் மட்டும் போடுங்க"ன்னு சொன்னேன். எழுதியிருந்தது இதுதான்: குடும்பத்துலயோ பங்காளி வகையறாவுலயோ துக்கம் நடந்து தேதி மாறுனா பிளாக்கிங் தொகை முழுசா புது தேதிக்குப் போகும், ஒரு தடவை, ஆறு மாசத்துக்குள்ள, நான் அன்னைக்கு ஃப்ரீயா இல்லைன்னா வேற ஆர்ட்டிஸ்ட்டோட வேலைய காட்டுவேன், புடிக்கலைன்னா அந்தப் பகுதிக்கான பணம் திரும்பிரும். சான்று எதுவும் கேக்கறதில்லைங்க, சாவு வீட்டுல போயி சர்டிபிகேட் கேக்கறது மனுசத்தனமே இல்ல, மண்டபத் தேதி மாறுனதே போதும்.

புரட்டாசி வேண்டாம்னு ஐப்பசில தேதி குறிச்சாங்க. அந்த ஞாயித்துக்கெழமை சாயந்தரம் பெருந்துறைல எனக்கு வேற ரிசப்ஷன் ஏற்கனவே பிளாக் ஆயிருந்துச்சு, திங்கக்கெழமை காலை மட்டும் காலி. ரேட்ட ரெண்டா பிரிச்சு எழுதிருந்ததால தான் இத அழகா தீக்க முடிஞ்சுது: முகூர்த்தம் நான், ரிசப்ஷனுக்கு எனக்குத் தெரிஞ்ச அக்கா, அவங்க போட்டோ பாத்து வீட்டுல சரின்னாங்க, 12,000 நேரா அவங்களுக்கே. என் 16,000ல 8,000 கழிஞ்சு மீதி 8,000. ஆவணித் தேதி எனக்கு காலியாத்தான் போச்சு, அத்தனை கிட்டத்துல புது புக்கிங் வராது, அந்த நஷ்டம் என்னோடதுன்னு தெரிஞ்சே தான் அந்த வரிய எழுதி வெச்சிருக்கேன். மொத்தமா பேக்கேஜ்னு ஒரே ரேட் எழுதறவங்க இத யோசிங்க.

லாக்டவுன் வேற மாதிரி. 2020 மார்ச் கடைசில மண்டபமே மூடிட்டாங்க, அப்ப நடத்தவே முடியாது, அதே ஒப்பந்தச் சட்டத்தோட 56வது பிரிவு அந்த மாதிரி நெலமைக்குத்தான், 65வது பிரிவுப்படி வாங்குனத திருப்பணும். ஆனா அப்பறம் 50 பேரோட வீட்டுலயே நடத்துன கல்யாணங்களும் உண்டு, ஆள் கொறையறது வேற, நடத்தவே முடியாம போறது வேற. அதனால "அரசாங்க உத்தரவால அன்னைக்கு நடத்த முடியலைன்னா முழு ரீஃபண்ட் இல்லைன்னா புது தேதி, அவங்க இஷ்டம், கூட்டம் கொறைஞ்சதுக்காக தள்ளி வெச்சா ஒரு தடவை தேதி மாத்தலாம்"னு ரெண்டு வரியா வெச்சிருக்கேன். பொண்ணுக்கு அம்மை போட்டாலோ மெட்ராஸ் ஐ வந்தாலோ துக்கத்துக்கு எழுதுன அதே வரி தான்.

என் பக்கமும் எழுதோணுமுங்க. எனக்கு காய்ச்சல், வண்டி விபத்துன்னா மாத்து ஆள் நானே அனுப்போணும், அவங்க ரேட் கூட இருந்தா வித்தியாசம் என் கையில இருந்து, அவங்களுக்கு அந்த ஆள் வேண்டாம்னா வாங்குன மொத்தமும் ரெண்டு நாள்ல திரும்பும். இத எழுதுன பேப்பரக் காட்டுனா மத்த வரிகளுக்கு யாரும் மொகம் சுளிக்கறதில்ல.

நேர வரியையும் சொல்லிடறேன். முகூர்த்தம் 6 மணின்னு எழுதுனா பத்தாது, பொண்ணு சேர்ல உக்கார்ற நேரம் எழுதோணும். சேலை கட்டறதையும் சேத்து எனக்கு ரெண்டரை மணி நேரம் வேணும், அப்ப 3.15. சீர் முடிஞ்சு பொண்ணு 4.15க்கு வந்தா சடங்கு நடத்தி வெக்கற அருமைக்காரர் கூப்புடற நேரம் மாறாது, என் நேரம் தான் கொறையும். அந்த மாதிரி லேட் ஆனா எத விடுவேன்னு முன்னாடியே எழுதிருக்கும்: ஹேர்ஸ்டைல் சிம்பிள் ஆயிரும், சொந்தக்காரங்க மேக்கப் கெடையாது, ரேட் கொறையாது.

கடைசியா போன சீசன்ல சேத்த வரி, தேதியோ நேரமோ மாத்தச் சொல்ற அதிகாரம் யாருக்குன்னு. பொண்ணு ஒண்ணு சொல்லும், மாமா வேற சொல்லுவாரு, பணம் அப்பா போடுவாரு. இப்ப ஒரே ஒரு பேரும் நம்பரும் எழுதி வாங்கிக்கறேன், அந்த நம்பர்ல இருந்து மெசேஜ் வந்தா மட்டும் தான் டைரில தேதிய மாத்துவேன்.