ரெண்டு வருஷம் போட்டோவ பெயிண்டிங்கா மாத்திப் பாத்த அனுபவம்

ஸ்டைலைசேஷன்னா ஃபில்டர்தானேன்னு நானும் ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன், எங்க தாத்தாவோட ஒரே போட்டோவ எல்லா விதத்துலயும் ஓட்டிப் பாத்த அப்புறம்தான் வித்தியாசம் பிடிபட்டுச்சு. கண்ணாடி போட்டிருப்பாரு, எடது கன்னத்துல மச்சம், பின்னாடி வெறும் சுவரு.

ஃபில்டர் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. ஒவ்வொரு பிக்சலோட கலரையும் ஒரே கணக்குப்படி மாத்தும், மிஞ்சிப்போனா பக்கத்து பிக்சல எட்டிப் பாக்கும். அது கண்ணா சுவரான்னு அதுக்குத் தெரியாது.

ஸ்டைலைசேஷனுக்கு ரெண்டு படம் வேணும், போட்டோ ஒண்ணு, பெயிண்டிங் ஒண்ணு. 2015ல கேடிஸ், எக்கர், பெத்கே மூணு பேரும் காட்டின முறை இதுதான்: படத்துல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கப் பழக்கின ஒரு நியூரல் நெட்வொர்க்ல ரெண்டையும் விட்டு, போட்டோல எது எங்க இருக்குங்கறத எடுத்துக்கறது, பெயிண்டிங்ல எந்தக் கலர் எந்தக் கோட்டோட சேந்து வருதுங்கறத எடுத்துக்கறது, ரெண்டுக்கும் ஒத்துப்போற மாதிரி ஒரு படத்த கொஞ்சம் கொஞ்சமா திருத்திட்டே போறது. பெயிண்டிங் பக்கம் எடுக்கறதுல "எந்த இடத்துல"ங்கற தகவலே கிடையாது, அதனாலதான் வெறும் சுவத்துல சுழி சுழியா வந்து நின்னுச்சு, கன்னத்துல திட்டுத் திட்டா ஆயிடுச்சு. முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு ஒரிஜினல பாதி கலந்த பிறகுதான் பாக்கற மாதிரி இருந்துச்சு. இன்னொண்ணு, 512 பிக்சல்ல பட்டையா தெரிஞ்ச பிரஷ் கோடு 2048ல ஓட்டினா பொடிசா ஆயிடும், ஏன்னா நெட்வொர்க் ஒரு தடவைக்குப் பாக்கற பரப்பு அதேதான், படம்தான் பெருசு. செட்டிங்ஸ்தான் தப்புன்னு இதுல ஒரு வாரம் வீணாப்போச்சு எனக்கு.

ஜெனரேட்டிவ் AI வேற கதை. அது போட்டோ மேல புள்ளி புள்ளியா நாய்ஸ் போட்டு அழிச்சிட்டு, தனக்குத் தெரிஞ்சத வெச்சு திரும்ப வரையுது. எவ்ளோ அழிக்கணும்னு சொல்ற `Denoising strength` 0.3ல தாத்தா தாத்தாவா இருந்தாரு, 0.7ல படம் என்னமோ அட்டகாசம்தான், ஆனா மச்சத்தக் காணோம், கண்ணாடி ஃபிரேம் மாறிடுச்சு, அது யாரோ ஒரு பெரியவரு.

எது எதுன்னு சந்தேகம் வந்தா வந்த படத்த ஒரிஜினல் மேல லேயரா வெச்சு ஆன் ஆஃப் பண்ணிப் பாருங்க. சாதா கலர் ஃபில்டர்னா எதுவும் நகராது, ஸ்டைலைசேஷன்னா ஓரம் லேசா நெளியும் ஆனா கண்ணு மூக்கு அந்தந்த இடத்துலயே இருக்கும், ஜெனரேட்டிவ்னா பொருளே மாறும்.

அதே போட்டோவ வரையற ஃபிரண்டு ஒருத்தர்கிட்டயும் குடுத்தேன். சுவத்த வரையவே இல்ல, சட்டைக்கு ரெண்டே கோடு, மச்சத்த மட்டும் இருக்கறத விட கொஞ்சம் பெருசா வெச்சாரு, ஏன்னு கேட்டா "அது இல்லன்னா அவரு இல்லயே"ன்னாரு. அந்தப் படம்தான் இப்போ வீட்ல மாட்டியிருக்கு.