செராய் வாங்கியா, நிலாமா? மழை ஊரில் எண்ணெய்ச் செடி தேர்வு

குளுவாங் வட்டாரத்தில் செம்பனை மீள்நடவுக்குப் பிறகு வரிசைகளுக்கு இடையே கிடைக்கும் நிலத்தில் வாசனைச் செடி போட நினைக்கும் பலர், முதலில் எண்ணெயின் விலையைத்தான் பார்க்கிறார்கள். கிலோவுக்கு நிலாம் (பச்சௌளி) எண்ணெய், சிட்ரோனெல்லா புல்லான செராய் வாங்கியின் எண்ணெயைவிடப் பல மடங்கு விலை போகும். அதை மட்டும் வைத்து நிலாம் போட்டவர்களில் ஒரு பகுதியினர், இலையைப் பூஞ்சைக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். பிற்பகலில் மழை கொட்டும் ஊரில், செடியைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி வயலில் இல்லை, இலை உலர்த்தும் கொட்டகையில் இருக்கிறது. டிப்ளோமா வகுப்பில் சாகுபடி, பதப்படுத்தல், வடித்தல் என மூன்று தனித்தனிப் பாடங்களாக வருவதை, இந்த இரண்டு செடிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே தொடராகப் புரிந்துகொள்ளலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சமையலுக்குப் போடும் செராய் வேறு, செராய் வாங்கி வேறு. அடித்தண்டு சிவந்து, இலை நீண்டு தொங்குவது செராய் வாங்கி. நல்ல எண்ணெய்க்கு நடப்படும் ஜாவா வகையின் தாவரப் பெயர் சிம்போபோகான் விண்டேரியானஸ். அதன் எண்ணெயில் சிட்ரோனெல்லால் என்ற மணப்பொருள் சுமார் மூன்றில் ஒரு பங்கோ, அதற்கு மேலோ இருக்கும். சமையல் செராயில் முதன்மையானது சிட்ரால். இரண்டையும் கலந்து வடித்தால் வாங்குபவர் முகர்ந்த உடனேயே கண்டுபிடித்துவிடுவார்.

நடவும் அறுப்பும்

செராய் வாங்கியை விதையில் போடுவதில்லை. ஒரு வயது முதிர்ந்த தூரைப் பிரித்து, இலையை நறுக்கிவிட்டு, 60 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுவார்கள். கால் ஏக்கருக்குச் சுமார் 2,800 தூர் பிடிக்கும். முழு வெயில் வேண்டும். செம்பனை மட்டைகள் மூடத் தொடங்கும் மூன்றாம், நான்காம் ஆண்டில் எண்ணெய் குறைந்துவிடும். முதல் அறுப்பு ஆறு மாதத்துக்குப் பிறகு, அடுத்தடுத்தவை இரண்டரை முதல் மூன்று மாத இடைவெளியில். தரையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். எண்ணெய் இலைப்பரப்பில்தான் அதிகம். அடித்தண்டில் சொற்பமே என்பதால் தாழ்வாக வெட்டினால் எடை கூடுமே தவிர எண்ணெய் கூடாது, தூரும் அழுகும்.

நிலாமுக்குத் தண்டுத் துண்டு: நான்கைந்து கணுவுள்ள நுனிக்கொழுந்து, நிழல் நாற்றங்காலில் நான்கைந்து வாரத்தில் வேர் பிடிக்கும். பாதி நிழலைத் தாங்குவது இதன் பலம். நீர் தேங்கினால் தாங்காதது இதன் பலவீனம். இன்னொரு எதிரி வேர்முடிச்சு நூற்புழு. செடி குட்டையாகி, இலை சிறுத்து மஞ்சள் சிவப்பாக மாறினால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் அதுதான். கத்தரி, தக்காளி, வெண்டி போட்டிருந்த இடத்தில் நிலாம் வைக்காமல் இருப்பது நல்லது, அவையும் இதே புழுவுக்கு இரை. அறுப்பு ஐந்தாறு மாதத்தில் தொடங்கும். கிளையின் அடியில் நான்கைந்து மொட்டு விட்டு வெட்டினால்தான் மீண்டும் துளிர்க்கும்.

இலையைப் பதப்படுத்தல்

வித்தியாசம் தெளிவாகத் தெரியும் இடம் இதுதான். செராய் வாங்கியை வெட்டி, ஓர் இரவு நிழலில் பரப்பி வாட விட்டால் போதும். நீர் கொஞ்சம் இறங்கும், கலனில் கூடுதல் புல் பிடிக்கும், விறகு மிச்சமாகும். மழை பெய்தால்கூடத் தாழ்வாரத்தில் வேலை முடிந்துவிடும். வெயிலில் காயப்போட்டால்தான் சிட்ரோனெல்லால் ஆவியாகிவிடும்.

நிலாமின் எண்ணெய் இலையின் மேற்பரப்புச் சுரப்பிகளில் மட்டுமல்ல, இலையின் உள்திசுவிலும் இருக்கிறது. பச்சை இலையை நீராவியில் வைத்தால் உள்ளே இருப்பது சரியாக வெளியே வராது. உலர உலர உயிரணுச் சுவர்கள் உடைகின்றன, அப்போதுதான் நீராவிக்கு வழி பிறக்கிறது. ஆகவே நிழலில், காற்றோட்டமான தட்டுகளில், நான்கு விரல் உயரத்துக்கு மேல் குவிக்காமல் பரப்பி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை புரட்ட வேண்டும். வறண்ட வானிலையில் மூன்று நாள் போதும். ஈரமான வாரத்தில் கூடுதலாகும், அங்கேதான் பூஞ்சை காத்திருக்கிறது.

காய்ந்ததா என்று கண்ணால் சொல்வதைவிட எடையால் சொல்லலாம். பரப்பும்போது ஒரு கூடையில் 10 கிலோ பச்சை இலையைத் தனியாக எடை போட்டு வையுங்கள். அது ஏறத்தாழ 2 கிலோவுக்கு வந்தால் போதும். அப்போது சிறுதண்டு முறியும், இலை கையில் நொறுங்கத் தொடங்கும். அதற்கு மேல் காயவிட்டால் வடிக்கும்போது இலை தூளாகிக் கலனின் துளைத்தட்டி வழியே கொதிநீரில் விழும். 3 கிலோவில் நிறுத்தி மூட்டை கட்டினால் உள்ளே சூடேறும். கை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பும், மண்வாசனைக்குப் பதிலாக நாட்பட்ட அரிசிமூட்டை நெடியும் இருக்கும். அந்த மூட்டை எண்ணெய்க்குத் தேறாது.

வடித்தல்

இரண்டுக்கும் ஒரே கலன் போதும்: அடியில் நீர், அதன் மேல் துளைத்தட்டி, தட்டிமேல் இலை. கொதிக்கும் நீர் இலையைத் தொடக் கூடாது. இலையை ஓரத்திலும் நடுவிலும் ஒரே அழுத்தத்தில் மிதித்து நிரப்ப வேண்டும். தளர்ந்த இடம் இருந்தால் நீராவி அந்த வழியிலேயே ஓடி, மற்ற இலை எண்ணெயோடு அப்படியே மிஞ்சும். வடித்த புல்லை அகற்றும்போது ஒரு பக்கம் மட்டும் பலமாக மணந்தால் நடந்தது இதுதான்.

100 கிலோ பச்சைச் சரக்கில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். செராய் வாங்கியில் பச்சை எடைக்கு 0.8 விழுக்காடு என்று கொண்டால் 800 கிராம் எண்ணெய், இரண்டு முதல் மூன்று மணி நேரத்தில் முடியும். நிலாமில் 100 கிலோ பச்சை காய்ந்து 20 கிலோ ஆகும். காய்ந்த இலைக்கு 2.5 விழுக்காடு என்றால் 500 கிராம்தான், அதற்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் அடுப்பு எரிய வேண்டும். அவசரப்பட்டு மூன்று மணி நேரத்தில் நெருப்பை அணைப்பவர்கள் உண்டு. இலகுவான பகுதிதான் முதலில் வரும், மணத்துக்கு அடிப்படையான பச்சௌளி ஆல்கஹால் பின்னால் வரும். அப்படி அணைத்த எண்ணெயின் அடர்த்தி 0.95-க்குக் கீழே நிற்கும், வாங்குபவர் திருப்பி அனுப்புவார்.

பிரிப்பதிலும் வேறுபாடு உண்டு. செராய் வாங்கி எண்ணெயின் அடர்த்தி ஏறத்தாழ 0.88, நீரின் மேல் தெளிவாக மிதக்கும். வடிநீர் குளிர்ந்து வர வேண்டும், சூடாக வந்தால் வாசனை காற்றோடு போகும். நிலாம் எண்ணெய் பிசுபிசுப்பானது, நீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பது. குளிர்ந்த நீரில் துளித்துளியாகத் தொங்கிக்கொண்டு பிரியாது. குளிர்நீர் ஓட்டத்தைக் குறைத்து வடிநீரை வெதுவெதுப்பாக விட்டால் ஒன்றுகூடும். கலன் இரும்பானால் நிலாம் எண்ணெய் கருத்துவிடும்; துருப்பிடிக்காத எஃகில் வடித்தது வெளிர்மஞ்சளாக வரும், விலையும் அதற்கேற்ப.

சேமிப்பில் மட்டும் நிலாம் எளிது: நாள்பட மணம் மெருகேறும். சிட்ரோனெல்லால் காற்றில் கெடும் என்பதால் செராய் வாங்கியை நீரில்லாமல் பிரித்து, நிறக்கண்ணாடிப் புட்டியில் கழுத்து வரை நிரப்பி மூட வேண்டும்.

எங்கள் பார்வையில், கூரையும் தட்டுகளும் எஃகுக் கலனும் இல்லாதவருக்குச் செராய் வாங்கிதான். புல் வாடுவதற்குத் தாழ்வாரமே போதும், வடித்த புல்லைக் காயவைத்து அடுத்த வடிப்புக்கு எரிக்கவும் செய்யலாம். அந்த மூன்றும் இருப்பவர், நீர் வடியும் மேட்டு நிலமும் பாதி நிழலும் வைத்திருந்தால், நிலாமைத் தயங்காமல் போடலாம். ஆனால் தட்டுகள் கொள்ளும் அளவுக்கு மட்டும் ஒரு நாளில் அறுக்க வேண்டும்.