கேனைவிட மலிவு என்ற கணக்கை நம்பி ஆறு லாரித் தண்ணீரின் விலையை இழந்தோம்

24 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொருளாளர் நான். முப்பதாவது லாரி நேற்று வந்து போனது. கோபம் தணிவதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

லாரித் தண்ணீர் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆள் சென்ற மாதம் எங்கள் கூட்டத்துக்கு வந்தார். கேன் தண்ணீரின் லிட்டர் விலை தம் லாரித் தண்ணீரின் லிட்டர் விலையைப் போல் 15 மடங்கு என்று ஒரு தாளில் வகுத்துக் காட்டினார். குடிப்பதற்கும் அதையே சுத்திகரித்துக்கொண்டு கேனை நிறுத்திவிடலாம் என்றார். லாரி ஒன்றுக்கு 12,000 லிட்டர், நாளுக்கு ஒரு லாரி, முன்பணம் கட்டினால் தடையில்லாமல் வரும் என்பது அவருடைய வாக்கு. வகுத்தல் கணக்கில் பிழை இல்லை. அதனால்தான் நம்பினேன். வகுக்கப்படும் எண்ணே பொய்யாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. 30 லாரிகளுக்கான பணத்தை மொத்தமாகக் கட்டினேன். ரசீதில் "30 லாரி" என்று மட்டுமே இருந்ததையும், லிட்டர் என்ற சொல்லே அதில் இல்லாததையும் அன்று நான் கவனிக்கவில்லை.

முதல் வாரத்திலிருந்தே மாலைக்குள் தண்ணீர் தீர்ந்தது. எங்கோ கசிகிறது என்று நினைத்துக் குழாய்களைச் சோதிக்க ஆள் வைத்தோம். அதற்கும் கூலி கொடுத்தோம். கடைசி வாரத்தில்தான் தரைத்தொட்டியை அளக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. எங்கள் தொட்டியின் அடிப்பரப்பு 4 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 12 சதுர மீட்டர். 12,000 லிட்டர் என்பது 12 கன மீட்டர். ஆகவே முழு லாரி இறங்கினால் நீர்மட்டம் சரியாக 100 சென்டிமீட்டர் உயர வேண்டும். மோட்டாரையும் மற்றக் குழாய்களையும் மூடி வைத்துவிட்டு, தொடர்ந்து மூன்று நாள் அளந்தோம். மூன்று நாளும் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர்தான் உயர்ந்தது. வந்தது 9,600 லிட்டர். முந்தைய நாள்களை யாரும் அளக்கவில்லை என்பது உண்மை. ஆனால் மாலைப் பற்றாக்குறை முதல் நாளிலிருந்து ஒரே மாதிரி இருந்தது. அப்படியானால் முப்பது நாளில் எங்களுக்கு வராமல் போனது 72,000 லிட்டர், அதாவது ஆறு லாரி.

ஓட்டுநரிடம் கேட்டபோது, உங்கள் தொட்டியின் தரை சரிவாக இருக்கும் என்றார். அன்று மாலையே 30 காலிக் கேன்களில், கேனுக்கு 20 லிட்டர் வீதம், தொட்டியிலிருந்து 600 லிட்டர் எடுத்துப் பார்த்தோம். கணக்குப்படியே மட்டம் 5 சென்டிமீட்டர் இறங்கியது. தொட்டியில் குறை இல்லை. அலுவலகத்தை அழைத்தால், வண்டி நிரம்பித்தான் கிளம்புகிறது என்றார்கள். மீண்டும் அழைத்தபோது, நாங்கள் லாரிக் கணக்கில்தான் விற்கிறோம், லிட்டர் கணக்கில் அல்ல என்றார்கள். கூட்டத்தில் லிட்டருக்கு விலை வகுத்துக் காட்டியவர் அதன்பின் தொலைபேசியை எடுக்கவே இல்லை. ஆறு லாரியின் பணம் போனது போனதுதான்.

இனி அந்த 15 மடங்குக் கணக்குக்கு வருகிறேன். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் குறைந்தால் லிட்டர் விலை ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நான்கில் ஒரு பங்கு கூடுகிறது, ஏனென்றால் 12,000 லிட்டரின் விலையை 9,600 லிட்டர் சுமக்கிறது. சொன்ன விலை ஒன்று என்றால் நாங்கள் கொடுத்தது ஒன்றேகால். மேலும் அந்தத் தண்ணீரில் கரைந்த உப்பு அதிகம். அளவுமானி 1,400 காட்டியது. எங்கள் வீட்டுச் சுத்திகரிப்பான் ஒரு லிட்டர் நல்ல நீர் தருவதற்குள் கழிவுக் குழாயில் மூன்று லிட்டர் விடுவதை வாளி வைத்து அளந்தேன். ஆகவே குடிக்கும் ஒரு லிட்டருக்கு நான்கு லிட்டர் லாரித் தண்ணீர் செலவாகிறது; நான்கு ஒன்றேகால் ஐந்து. கேன் 15 மடங்கு அல்ல, மூன்று மடங்குதான், அதுவும் மெம்பரேன் மாற்றும் செலவையும் மின்சாரத்தையும் சேர்க்காமல். குளிக்கவும் துவைக்கவும் லாரித் தண்ணீர்தான் வழி. அதைக் கேனோடு ஒப்பிடுவதே வீண். ஒப்பிட வேண்டியது குடிநீரை மட்டும். வீட்டுக்கு 10 லிட்டர் வீதம் அது எங்களுக்கு நாளொன்றுக்கு 240 லிட்டர், அதாவது 12 கேன். சுத்திகரித்தால் 960 லிட்டர் வேண்டும். வந்த 9,600 லிட்டரில் பத்தில் ஒரு பங்கு அதற்கே போயிற்று.

ஆலோசனை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ரசீதில் லிட்டரை எழுதி வாங்குங்கள். லாரி இறங்குவதற்கு முன்னும் பின்னும் மோட்டாரை நிறுத்தி மட்டத்தை அளந்து, ஓட்டுநரிடமே கையொப்பம் வாங்குங்கள். முன்பணம் கட்டாதீர்கள்.