வீட்டு மைன்கிராஃப்ட் சர்வர்: போர்ட்டை யூபிஎன்பி திறக்கட்டுமா, நாமே திறப்போமா?

ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் அக்கா மகன், பழைய லேப்டாப் ஒன்றில் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் போட்டிருந்தான். வீட்டுக்குள் நன்றாக ஓடியது. சுங்கை பட்டாணியிலும் கிள்ளானிலும் இருக்கும் நண்பர்களால் மட்டும் உள்ளே வர முடியவில்லை. "மாமா, கேம் கன்சோலில் நாட் டைப் ஓப்பன் என்றுதானே காட்டுகிறது?" என்று கேட்டான்.

அந்த ஓப்பன், மாடரேட், ஸ்ட்ரிக்ட் எல்லாம் ஆட்டக்காரர்களின் கருவிகள் நேருக்கு நேர் இணைவது எவ்வளவு எளிது என்பதற்கான மதிப்பீடு. அதுவும் சோதித்த அந்தக் கன்சோலுக்கு மட்டும். லேப்டாப்பில் ஓடும் சர்வருக்கு வேண்டியது வேறு: வெளியிலிருந்து மைன்கிராஃப்டின் வழக்கமான போர்ட்டான டிசிபி 25565க்கு வரும் இணைப்பை ரௌட்டர் அந்த லேப்டாப்புக்குத் தள்ளிவிட வேண்டும். இதை, கருவிகள் கேட்டதும் ரௌட்டரே போர்ட்டைத் திறந்துவிடும் யூபிஎன்பி மூலம் தானாகச் செய்யலாம், அல்லது நாமே கையால் எழுதலாம்.

இரண்டுக்கும் முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் என்று தெரியும் இணையப் பக்க முகவரியும், ஐபி காட்டும் இணையதளத்தில் தெரியும் முகவரியும் ஒன்றா என்று பாருங்கள். வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால், இணைய நிறுவனமே பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அப்போது உங்கள் ரௌட்டரில் எதைத் திறந்தாலும் பயனில்லை. பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் ஒன்றை நாட வேண்டும். 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், பெரும்பாலும் முன்னால் இன்னொரு ரௌட்டர் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் வீட்டில் இரண்டு முகவரியும் ஒன்றாகவே இருந்தன. சரி, முதலில் யூபிஎன்பி. ரௌட்டரில் அது ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. மைன்கிராஃப்ட் சர்வர் தானாக அதைக் கேட்காது என்பதால் `upnpc` என்ற சிறு கருவியால் கேட்டேன். ஒரே வரி, உடனே வேலை செய்தது. வசதியில் இதை எதுவும் மிஞ்ச முடியாது. ஆனால் `upnpc -l` போட்டுப் பட்டியலைப் பார்த்தபோதுதான் திக்கென்றது:

```
0 TCP 25565->192.168.0.50:25565 'mc' '' 0
1 TCP   554->192.168.0.64:554 'RTSP' '' 0
```

இரண்டாவது வரி வாசல் கேமராவின் ரெக்கார்டர். வீடியோ ஓடும் போர்ட்டை அது யாரையும் கேட்காமல் இணையத்துக்குத் திறந்து வைத்திருக்கிறது. இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது, யூபிஎன்பி வேலை செய்யும் விதமே அதுதான். வழக்கமான அமைப்பில் கடவுச்சொல் கிடையாது. வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவி கேட்டாலும் ரௌட்டர் திறந்துவிடும். கேட்பது கேமராவா, வைரஸா என்று அதற்குத் தெரியாது. 2008இல் பரவிய கான்ஃபிக்கர் புழுகூட இந்த வழியைப் பயன்படுத்தியது. பட்டியலில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இருக்கும் 0 என்பது காலக்கெடு இல்லை என்பதற்கான குறி. சர்வரை மூடிய பிறகும் அந்த வரி அங்கேயே கிடக்கும்.

கையால் எழுதுவதற்கு எனக்குக் கால் மணி நேரம் ஆனது. முதலில் ரௌட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் லேப்டாப்புக்கு 192.168.0.50 என்று நிரந்தரமாக ஒதுக்கினேன். இதை விட்டுவிட்டால் லேப்டாப்பின் முகவரி ஒரு நாள் மாறிவிடும். எழுதிய விதி ஆளில்லாத முகவரிக்குப் போகும், அல்லது யாருடைய கைப்பேசிக்காவது போகும். அப்புறம் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் டிசிபி, வெளி 25565, உள் 25565, அந்த முகவரி. லேப்டாப்பின் ஃபயர்வாலிலும் அதே போர்ட். டிஎம்ஸட் என்ற குறுக்குவழி அதே பக்கத்தில் கண்ணில் படும். அது எல்லா போர்ட்டையும் திறந்துவிடும், தொடாதீர்கள்.

சோதிக்கும்போது வீட்டு வைஃபையிலிருந்து பொது முகவரியைத் தட்டாதீர்கள். பல ரௌட்டர்கள் அதை உள்ளே திருப்பி அனுப்பாது, எல்லாம் சரியாக இருந்தும் தோல்வி என்று தெரியும். இன்னொரு கணினியைக் கைப்பேசி டேட்டாவில் இணைத்துப் பாருங்கள். `Connection timed out` வந்தால் பெரும்பாலும் ரௌட்டர் விதியிலோ ஃபயர்வாலிலோ தடை. `Connection refused` வந்தால் பெரும்பாலும் லேப்டாப் வரை வந்துவிட்டது, சர்வர்தான் ஓடவில்லை.

எந்த வழியில் திறந்தாலும் திறந்த போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் மென்பொருள் உலகத்துக்கே தெரியும். 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளியானபோது, திருத்தப்படாத ஜாவா சர்வரை ஒரு அரட்டை வரியாலேயே கைப்பற்ற முடிந்தது, 1.18.1இல்தான் அதைச் சரிசெய்தார்கள். அதனால் சர்வரைப் புதுப்பித்து, `white-list=true` போட்டு, நண்பர்கள் பெயரை மட்டும் சேர்த்தோம்.

யூபிஎன்பி வெல்லும் ஓர் இடமும் இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு கன்சோல்கள் யூடிபி 3074ஐக் கேட்டால், கையால் எழுதும் விதி அந்தப் போர்ட்டை ஒன்றுக்குத்தான் தர முடியும். யூபிஎன்பி இருந்தால் இரண்டாவது கன்சோல் வேறு போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வழி உண்டு. அக்கா வீட்டில் கன்சோல் ஒன்றுதான். யூபிஎன்பியை அணைத்து ரௌட்டரை மறுபடி இயக்கியதும் கேமராவின் வரி போய்விட்டது, கன்சோலோ மாடரேட்டுக்கு இறங்கியது. பையன் முகம் சுளித்தான். 3074ஐக் கையால் எழுதிக் கொடுத்தேன், ஓப்பன் திரும்பி வந்தது.